சுன்னத்துக்குப் பிறகு ஆண் குழந்தையின் முதல் பத்து நாள்: எது ஆறும் அறிகுறி, எதற்கு மருத்துவமனை?

முன்பெல்லாம் நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பையனுக்கு ஏழெட்டு வயதானதும், பள்ளி விடுமுறையில்தான் சுன்னத் செய்வார்கள். இப்போது பிறந்து ஒன்றிரண்டு மாதத்திலேயே கிளினிக்கில் முடித்துவிடும் பெற்றோர் அதிகமாகிவிட்டார்கள். சிறுநீரகக் கோளாறு, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று போன்ற காரணங்களால் டாக்டர் சொல்லி முன்தோலை நீக்கிக்கொள்ளும் இந்து, கிறிஸ்துவக் குழந்தைகளும் உண்டு. காரணம் எதுவானாலும் வீட்டுக்கு வந்தபின் பார்க்க வேண்டிய பராமரிப்பு ஒன்றுதான்.

பெரிய பையனுக்கு வலித்தால் வாய் திறந்து சொல்வான். ஐந்து வார மதலைக்கு அழத்தான் தெரியும். அதனால் கவனிக்க வேண்டியது நம் கண்ணும் கையும்தான். பச்சிளம் குழந்தைகளுக்கு அதிகமாகச் செய்யப்படும் பிளாஸ்டிக் வளைய முறையை வைத்தே இங்கே விளக்குகிறேன். மொட்டுக்கும் முன்தோலுக்கும் நடுவில் ஒரு சிறு வளையத்தை வைத்து, மேலே நூலால் இறுக்கிக் கட்டி, கூடுதல் தோலை வெட்டிவிடுவார்கள். நூலுக்கு வெளியே மீந்திருக்கும் மெல்லிய தோல் விளிம்பு ரத்த ஓட்டமில்லாமல் காய்ந்து, சில நாளில் வளையத்தோடு தானாக விழுந்துவிடும். தொப்புள்கொடி காய்ந்து விழுவதை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் தாதியாக வேலை பார்த்த காலத்தில் பழக்கமான குடும்பம் என்பதால் அந்த வீட்டிலிருந்து எனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. குழந்தைக்கு ஐந்து வாரம், எடை 4 கிலோ. காலை பத்து மணிக்கு டவுனில் சுன்னத் முடிந்தது. நண்பகலில் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

முதல் நாள் ரத்தம்

மாலை நான்கு மணிக்கு டயாப்பரில் பத்து சென் நாணய அளவில் ஒரு கறை இருந்தது. அதற்குப் பயப்படத் தேவையில்லை. முதல் 24 மணி நேரத்தில் ஒன்றிரண்டு துளி கசிவது இயல்பு. டயாப்பர் உரசினாலும், குழந்தை காலை உதைத்து அழுதாலும் கொஞ்சம் கசியும்.

ஏழு மணிக்கு மாற்றியபோது நிலைமை வேறு. கறை 50 சென் நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தது, பிரகாசமான சிவப்பு, தொட்டால் ஈரம். உறுப்பைப் பார்த்தால் அடிப்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்தது. குழந்தையின் நன்னி, "சிறுநீரோட கலந்ததால அப்படித் தெரியுது, விடு" என்றிருக்கிறார். குழந்தையின் தாய் அதை ஏற்காமல் எனக்குப் போன் செய்தார்.

அவர் செய்தது சரி. ஏன் என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். குழந்தையின் உடலில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 80 மில்லி ரத்தம்தான் இருக்கும். 4 கிலோ குழந்தைக்கு மொத்தமே ஏறக்குறைய 320 மில்லி, ஒரு சிறிய டின் பானத்தின் அளவு. அதில் 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி போனால், பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். நமக்கு இரண்டு மேசைக்கரண்டி ஒன்றுமில்லை. அந்தக் குழந்தைக்கு அது பெரிய இழப்பு.

இதில் இன்னொரு சிக்கல், இன்றைய டயாப்பர். அது ஈரத்தை உள்ளே இழுத்து, மேற்பரப்பை உலர்ந்ததாகக் காட்டும். ரத்தமும் அப்படியே உள்ளே போய்விடும். அதனால் முதல் நாள் இரவு மட்டும் டயாப்பரின் முன்பக்கத்தில் வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். கசிவு எவ்வளவு என்று உடனே தெரியும். இரவில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை விளக்கைப் போட்டுப் பாருங்கள். குழந்தை தூங்குகிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ, செங்கல் தூள் தூவியதுபோல் ஒரு கறை சில பச்சிளம் குழந்தைகளின் டயாப்பரில் இருக்கும். அது ரத்தமில்லை, கெட்டியான சிறுநீரில் படியும் உப்பு. பால் போதவில்லை என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம். ரத்தக் கறை உறுப்பு படும் இடத்தில் ஈரமாக இருக்கும், காய்ந்தால் பழுப்பாகும். சந்தேகமிருந்தால் உறுப்பையே பாருங்கள், கசிகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சுத்தமான காஸ் துணியை மடித்து, கசியும் இடத்தின் மேல் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உறுதியாகப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழுசாகப் பத்து நிமிடம். நடுவில் நின்றுவிட்டதா என்று துணியைத் தூக்கிப் பார்க்கக்கூடாது. அப்போதுதான் உறையத் தொடங்கும் ரத்தம் தூக்கியவுடன் பிய்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வளையத்தைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். துணி ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான நீரை ஊற்றி நனைத்து மெல்ல எடுங்கள்.

பத்து நிமிடத்தில் நின்றது. ஆனால் ஒன்பது மணிக்கு மறுபடி சொட்டத் தொடங்கியது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். "நின்னு நின்னுதான் வருது, காலையில பார்க்கலாம்" என்பார்கள். அழுத்தியும் நிற்காத ரத்தமும், நின்று திரும்பி வரும் ரத்தமும் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. அவர்கள் போனார்கள். அழுத்தியபடியே ஒருவர் காரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அடிப்பக்கத்தில் மொட்டையும் தோலையும் இணைக்கும் மெல்லிய நரம்பு போன்ற இழையில் ஓடும் சிறு ரத்த நாளம் கசிந்திருக்கிறது. இந்த இடம்தான் அடிக்கடி தொந்தரவு தரும் இடம். டாக்டர் ஒரு தையல் போட்டதும் நின்றுவிட்டது.

தாய்மாமனைப் பற்றி ஒரு கேள்வி

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட கேள்வி வீட்டாருக்கு விநோதமாக இருந்திருக்கிறது. "தாய்மாமன் யாருக்காவது பல் பிடுங்கினபோதோ, அடிபட்டபோதோ ரத்தம் நிற்காமல் இருந்ததா?" என்று கேட்டார். ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா என்ற நோய் பெரும்பாலும் தாய் வழியாகவே மகனுக்கு வரும். தாய்க்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவருடைய அண்ணன், தம்பி, அவருடைய தாயின் சகோதரர்கள் யாரிடமாவது அந்த அடையாளம் இருக்கலாம். இந்தக் குழந்தைக்கு ரத்தச் சோதனை சரியாக இருந்தது. ஆனாலும் என் கருத்து, இந்தக் கேள்வியைச் சுன்னத்துக்கு முன்னாலேயே குடும்பம் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படி யாராவது இருந்தால், நாள் குறிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சோதனை செய்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

அதேபோல், பிறந்தவுடன் குழந்தையின் தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்றும் பாருங்கள். மருத்துவமனையில் பிறந்தால் பெரும்பாலும் போட்டிருப்பார்கள், குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் குறிப்பு இருக்கும். வீட்டிலேயே பிறந்த குழந்தை என்றால் அது விடுபட்டிருக்கலாம். அந்த வைட்டமின் குறைந்தாலும் ரத்தம் உறைவது தாமதமாகும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரத்தத் தொந்தரவு பெரும்பாலும் முதல் நாளிலேயே வரும். எனவே காலை நேரத்தில் செய்யுங்கள், மாலையில் செய்துவிட்டு இருட்டில் ஊர் திரும்பும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் முதல் இரவு டவுனில் உறவினர் வீட்டில் தங்குங்கள். முன்பு தோட்டத்தில் டிரெஸ்ஸர் இருந்தார், நள்ளிரவில் கதவைத் தட்டலாம். இப்போது பல தோட்டங்களில் அந்த வசதியும் இல்லை. கார் யாரிடம் இருக்கிறது, இரவில் எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு கிட்ட இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரத்தம் கொட்டும்போது குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தால், கைகால் ஜில்லிட்டால், மூச்சு வேகமானால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 அழைத்துவிடுங்கள். நம் குழந்தைகளின் தோல் நிறத்தில் வெளிறியது தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், ஈறு, கீழ் இமையின் உள்பக்கம் ஆகிய இடங்களைப் பாருங்கள். அவை வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாளின் மஞ்சள்

இரண்டாவது போன் மூன்றாம் நாள் வந்தது. இந்த முறை நன்னியே பேசினார். மொட்டு முழுக்க மஞ்சள் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது, சீழ் பிடித்துவிட்டது என்றார். கையில் மஞ்சள் தூளைக் குழைத்து வைத்திருந்தார்.

அது சீழ் இல்லை. காயம் ஆறும்போது உடம்பே தன் மேல் போர்த்திக்கொள்ளும் ஈரமான மென்படலம். வாயில் புண் ஆறும்போது வெள்ளையாகத் தெரிகிறதே, அதுவும் இதே வகைதான். இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றி ஒரு வாரம் பத்து நாளில் தானாகக் கரைந்துபோகும். அதைத் துடைத்து எடுத்தால் புது ரத்தம்தான் வரும். மஞ்சள் தூள் வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். தேங்காய் எண்ணெய், சாம்பல், பவுடர், டெட்டால், மின்யாக் காமாட் எதுவும் வேண்டாம். பெரியவர்களின் காயத்துக்குப் பழகிய மருந்துகளாக இருக்கலாம், ஆனால் இந்த இடத்துத் தோல் மிக மெல்லியது. மேலும் மஞ்சள் பூசிவிட்டால் அடுத்த நாள் எது சீழ், எது மஞ்சள் என்று டாக்டருக்கே தெரியாது.

உண்மையான சீழ் வேறு மாதிரி இருக்கும். கெட்டியாக, பச்சை கலந்த மஞ்சளாக, நாற்றத்தோடு வழிந்துகொண்டே இருக்கும். அதோடு சுற்றியுள்ள தோலும் மாறும். ஆங்கிலக் குறிப்புகளில் தோல் சிவக்கும் என்றுதான் எழுதியிருப்பார்கள். நம் குழந்தைகளின் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல், கருமை கூடியதுபோல், ஊதா சாயலோடு, பளபளவென்று இழுத்துக் கட்டியதுபோல் இருக்கும். புறங்கையை வைத்துப் பார்த்தால் தொடையைவிடச் சூடாக இருக்கும். தொட்டாலே குழந்தை அலறும். இந்த மாற்றம் உறுப்பின் அடிப்பாகத்துக்கோ அடிவயிற்றுக்கோ பரவினால் அன்றே போக வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் சூடு 38 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால், காயம் நன்றாக இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குத்தான். காய்ச்சல் மருந்து கொடுத்துக் காத்திருக்கும் வயதல்ல அது.

தாயின் சாப்பாட்டைப் பற்றியும் நன்னி கேட்டார். கோழி, முட்டை, இறால் சாப்பிட்டால் புண் அரிக்கும் என்பார்கள். தாய் பத்தியம் இருந்து காயம் சீக்கிரம் ஆறியதை நான் பார்த்ததில்லை. பால் குறைந்துபோனதைத்தான் பார்த்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிட்டு, வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுக்கட்டும். குழந்தையின் வலிக்கு மார்பில் அணைத்துக் கொடுக்கும் பால் நல்ல ஆறுதல்.

வலி மருந்து என்றால், டாக்டர் எடை பார்த்து எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் மட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பாராசிட்டமால் சிரப்பாகவும் வரும், சொட்டு மருந்தாகவும் வரும். சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சாதாரணக் குழந்தை சிரப் ஐந்து மில்லியில்தான் 120 மில்லிகிராம். அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்குக்கு மேல் வீரியமானது. அக்காள் மகனுக்கு வாங்கிய பாட்டிலை எடுத்து, இதற்குச் சொன்ன அளவில் ஊற்றிவிடாதீர்கள். ஆஸ்பிரினும் இபுபுரோஃபனும் இந்த வயதுக்குக் கூடாது, அவை ரத்தக் கசிவையும் கூட்டும்.

வீக்கம், வளையம், கறுப்பு

வளையத்துக்குப் பின்னால் தோல் கொஞ்சம் உப்பியிருப்பது முதல் இரண்டு மூன்று நாள் இயல்பு. நான்காம் நாளிலிருந்து குறைய வேண்டும். நான்காம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால் இயல்பல்ல. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் கூடுகிறதா குறைகிறதா என்பதில் வீட்டில் வாக்குவாதம் வராது. டாக்டரிடமும் காட்டலாம். ஆனால் அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

கறுப்பு நிறம் பலரையும் குழப்பும். நூல் கட்டிய இடத்துக்கு வெளியே உள்ள தோல் விளிம்பு காய்ந்து பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். அது விழப்போகும் தோல், கறுக்கத்தான் வேண்டும். ஆனால் வளையத்தின் நடுவில் தெரியும் மொட்டு இளஞ்சிவப்பாகவோ, சிவந்தோ, மஞ்சள் படலத்தோடோதான் இருக்க வேண்டும். மொட்டே நீலமாகவோ கருநீலமாகவோ மாறினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது. அது மணிக்கணக்கில் காத்திருக்கக்கூடிய விஷயமல்ல.

வளையம் இடம் மாறுவதும் அப்படித்தான். அது மொட்டின் மேலேயே இருக்க வேண்டும். சில நேரம் நழுவி மொட்டைத் தாண்டிப் பின்னால், தண்டுப் பகுதிக்குப் போய் மாட்டிக்கொள்ளும். விரல் வீங்கிய பின் மோதிரம் மாட்டிக்கொள்வது போல. முன்பகுதி வீங்க வீங்க வளையம் இன்னும் இறுகும். நீங்களே கழற்ற முயன்றால் கிழிந்துவிடும். மருத்துவமனையில் அதற்கென்ற கருவியால் வெட்டி எடுப்பார்கள். வளையம் இருக்கும்வரை வாஸ்லின், களிம்பு பூச வேண்டாம் என்று பல டாக்டர்கள் சொல்வது இந்த வழுக்கலை நினைத்துத்தான். வளையமில்லாத முறையில் செய்திருந்தால் கதை வேறு. அப்போது டயாப்பர் மாற்றும் ஒவ்வொரு முறையும் வாஸ்லினைத் தாராளமாகத் தடவச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மொட்டு டயாப்பரில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கிளினிக்கை விட்டு வெளியே வருவதற்கு முன் எந்த முறையில் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சொன்ன அறிவுரை உங்கள் குழந்தைக்குப் பொருந்தாமல் போகலாம்.

சிறுநீர் போகிறதா என்பதையும் மறக்காதீர்கள். வீட்டுக்கு வந்து எட்டு மணி நேரத்தில் டயாப்பர் நனையவில்லை என்றால் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் இல்லையென்றால் நேரில் போய்விடுங்கள். முக்கி முக்கி அழுது சொட்டுச் சொட்டாகப் போவதும், அடிவயிறு உப்பி இறுகியிருப்பதும் அதே கணக்குதான்.

குளிப்பாட்டுவதில் பெரிய விதிகள் இல்லை. முதல் நாள் உடம்பைத் துடைத்துவிட்டாலே போதும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டலாம், காயத்தின் மேல் சோப்பு வேண்டாம், தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். மலம் பட்டுவிட்டால் வெறும் நீரை ஊற்றிக் கழுவினால் போதும். டயாப்பரைத் தளர்த்திக் கட்டுங்கள், ஓர் அளவு பெரிதாக வாங்கினாலும் நல்லதுதான்.

ஏழாம் நாள் மூன்றாவது போன். வளையம் ஒரு பக்கம் விடுபட்டு, மறுபக்கம் சிறு தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. நகவெட்டியால் வெட்டிவிடலாமா என்று தகப்பனார் கேட்டார். கூடாது. அந்தச் சிறு தோலில் இன்னும் உயிர் இருக்கும், வெட்டினால் ரத்தம் வரும். பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு நாளுக்குள் விழும், சில குழந்தைகளுக்கு இன்னும் ஓரிரு நாள் கூடும். பத்து நாள் தாண்டியும் விழவில்லை என்றால் டாக்டரிடம் காட்டி எடுத்துக்கொள்ளலாம். இந்தக் குழந்தைக்கு ஒன்பதாம் நாள் குளிக்கும்போது தானாக விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு துளி ரத்தம், சுற்றிலும் சிவந்த கோடு. அதுவும் இயல்புதான். வளையம் டயாப்பரிலேயே கிடந்து வீசப்பட்டுவிடும் என்பதால், விழுந்ததா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

விழுந்த பிறகு கொழுகொழு குழந்தைகளிடம் ஒன்று கவனிக்க வேண்டும். அடிவயிற்றுக் கொழுப்பு முன்னால் தள்ளுவதால் உறுப்பு உள்ளே புதைந்து, மிச்சத் தோல் மறுபடி மொட்டின் மேல் வந்து மூடிக்கொள்ளும். பச்சைக் காயம் ஆறும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும். எனவே மறுபரிசோதனைக்குப் போகும்போது, தோலை எப்படி, எப்போதிலிருந்து மெல்லப் பின்னால் தள்ளிக் கழுவுவது என்று டாக்டர் கையாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் வீட்டில் பிரித்துவிடாதீர்கள். பிறகு பையன் வளர்ந்து நின்று சிறுநீர் கழிக்கும் வயதில், தாரை நூல்போல் மெல்லியதாகவோ மேல்நோக்கியோ போனால் துவாரம் சுருங்கியிருக்கலாம். அதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.